மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலை | மயில்நீலம், மாதுளைச் சிவப்புக் கரை | 5.5 மீற்றர், 80 சென்ரிமீற்றர் சட்டைத்துணியுடன் | கொழும்பிலிருந்து வெளிநாட்டு முகவரிக்கு

கரையோரம் இரண்டு இடத்தில் சின்ன முடிச்சு கையில் தட்டுப்படும். தறியில் அறுந்த நூலைக் கையால் கட்டிய இடம் அது, கிழிசல் இல்லை. படம் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. நேரில் நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. கஞ்சி போட்டிருப்பதால் முதலில் விறைப்பாக நிற்கும், இரண்டு தோய்ச்சலுக்குப் பிறகு உடம்போடு படியும். சிவப்புச் சாயம் முதல் தடவை லேசாக இறங்கும், தனியாக அலசுங்கள். குளிர்நாட்டில் கோயிலுக்குக் கட்டுவதென்றால் உள்ளே ஏதாவது போடத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன். இந்த நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, சிட்னி எங்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.