வட்டத் துளையுள்ள தகட்டின் சென்ட்ராய்டு: அட்டவணை முறையில் ஒரு கணக்கு

கணக்கு: 120 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரமுள்ள செவ்வகம். அதன் வலது ஓரத்தை ஒட்டி, 60 மி.மீ. அடிப்பக்கமும் 100 மி.மீ. உயரமும் உள்ள செங்கோண முக்கோணம். செங்கோணம் செவ்வகத்தின் கீழ் வலது மூலையில் இருக்கிறது. செவ்வகத்துக்குள் 20 மி.மீ. ஆரமுள்ள வட்டத் துளை. அதன் மையம் இடது ஓரத்திலிருந்து 40, அடியிலிருந்து 60 மி.மீ. சென்ட்ராய்டு, அதாவது பரப்பு மையம், எங்கே?

தீர்வு: கீழ் இடது மூலையை ஆதியாக வைத்துக்கொள்வோம். எல்லாத் தூரமும் இங்கிருந்துதான். முக்கோணத்துக்கு x = 20 என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. அந்த 20 செங்கோண மூலையிலிருந்து அளந்தது (அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு). ஆதியிலிருந்து பார்த்தால் 120 + 20 = 140. உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கு, 33.33.

துளை என்பது இல்லாத பரப்பு. அதனால் A-க்கு மட்டும் கழித்தல் குறி. x, y அப்படியே நேர்குறி. பெருக்கும்போது குறி தானாக வந்துவிடும்.

| பகுதி | A (மி.மீ.²) | x | y | Ax | Ay |
|---|---|---|---|---|---|
| செவ்வகம் | 12000 | 60 | 50 | 720000 | 600000 |
| முக்கோணம் | 3000 | 140 | 33.33 | 420000 | 100000 |
| துளை | −1256.6 | 40 | 60 | −50265 | −75398 |
| கூட்டுத்தொகை | 13743.4 | | | 1089735 | 624602 |

x, y நெடுவரிசைகளின் அடியில் வேண்டுமென்றேதான் எதுவும் எழுதவில்லை. தூரங்களைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

```
x̄ = ΣAx / ΣA = 1089735 / 13743.4 = 79.29
ȳ = ΣAy / ΣA = 624602 / 13743.4 = 45.45
```

விடை: இடது ஓரத்திலிருந்து 79.29 மி.மீ., அடியிலிருந்து 45.45 மி.மீ.

சரி, விடை நம்பும்படி இருக்கிறதா? துளையே இல்லாவிட்டால் x̄ = 1140000/15000 = 76, ȳ = 700000/15000 = 46.67. துளை இந்தப் புள்ளிக்கு இடப்பக்கம், சற்று மேலே இருக்கிறது. அங்கே பொருளை எடுத்துவிட்டால் மையம் எதிர்ப்பக்கம் நகர வேண்டும்: வலப்பக்கமும் கீழும். 76 என்பது 79.29 ஆகியிருக்கிறது, 46.67 என்பது 45.45 ஆகியிருக்கிறது. பொருந்துகிறது.

இந்தச் சோதனையை இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். ΣA-யில் துளையைக் கழித்துவிட்டு Ax, Ay இரண்டிலும் கூட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது x̄ = 86.61 வரும். வலப்பக்கம்தானே நகர்ந்திருக்கிறது என்று அது ஏமாற்றிவிடும். ȳ = 56.42 என்று மேலே ஏறும்போதுதான் தப்பு பிடிபடும்.