ஓபன் டு ஒர்க்: நிட் டையிங் புரொடக்ஷன் இன்சார்ஜ், திருப்பூர்

திருப்பூரில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆன பிறகு, எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் குறைந்தன. இரண்டு ஷிப்டுக்கு ஓட்டத் துணி இல்லை. என்னையும் சேர்த்து 23 பேர் வெளியே வந்திருக்கிறோம். கணக்கு முடிந்துவிட்டது, ரிலீவிங் லெட்டர் கையில் இருக்கிறது, நாளைக்கே சேரலாம்.

தேடுவது டையிங் இன்சார்ஜ் அல்லது டையிங் மேனேஜர் வேலை. டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி டிப்ளமோ, 12 வருட அனுபவம், அதில் கடைசி 5 வருடம் ஷிப்ட் முழுப் பொறுப்பு. 50 கிலோ சாம்பிள் மிஷினிலிருந்து 1,000 கிலோ சாஃப்ட் ஃப்ளோ வரை 9 மிஷின்கள், நாளுக்கு 10 டன். 100 சதவீதக் காட்டன், காட்டன் லைக்ரா, பாலி காட்டன் மூன்றும் ஓட்டியிருக்கிறேன். திருப்பூர், பெருந்துறை, ஈரோடு என்றால் வீட்டிலிருந்தே வந்துவிடுவேன். வேறு ஊர் என்றால் தங்குமிடம் வேண்டும்.

எந்தப் பட்டறையிலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்க் கணக்கு. ஷேடு வெளுத்து வந்தால் பலரும் சாயத்தின் மேல் பழி போடுகிறார்கள். அநேகமாகக் குற்றம் மிஷினில் நின்ற தண்ணீரில்தான் இருக்கும். 500 கிலோ துணி, லிக்கர் 1:6 என்றால் பாத் 3,000 லிட்டர். ஆனால் பிளீச் முடித்து டிரெயின் செய்த துணி, தன் எடையைப் போல இரண்டரை மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அதாவது 1,250 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆபரேட்டர் அதைக் கழிக்காமல் 3,000 லிட்டரையும் புதிதாக விட்டால் பாத் 4,250 லிட்டர் ஆகிவிடும். லிட்டருக்கு 70 கிராம் என்று எடைபோட்ட 210 கிலோ உப்பு, லிட்டருக்கு 49 கிராமாக இறங்கிவிடும். 20 கிராம் சோடா 14 ஆகிவிடும். லேபில் சரியாக வந்த ரெசிப்பி பல்க்கில் தோற்பதற்கு இது ஒன்றே போதும். என் பேட்ச் கார்டில் 'துணி பிடித்த தண்ணீர்' என்று தனிக் கட்டம் உண்டு. அது நிரம்பாமல் சாயம் கரைக்க விடமாட்டேன்.

பொது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் உப்புக் கரைசலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, பூஜ்ய வெளியேற்றம்தான் இந்த ஊரின் வழி. அந்தக் கரைசலை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவன் பட்டறைக்குப் பணம் மிச்சம் பிடிப்பான் என்பது என் உறுதியான கருத்து. லிட்டருக்கு 250 கிராம் உள்ள கரைசல் என்றால் 210 கிலோவுக்கு 840 லிட்டர் வேண்டும். துணி பிடித்த 1,250, கரைசல் 840 இரண்டும் போக, சாயமும் சோடாவும் கரைத்து ஊற்ற 910 லிட்டர்தான் இடம். அதனால் சாயத் தொட்டிக்கு மிஷின் தண்ணீரையே திருப்பி எடுத்துக் கரைப்பேன்.

இன்னொன்று அதன் பிஎச். கரைசலில் காரம் இருந்தால், சோடா போடும் முன்பே சாயம் பிடிக்க ஆரம்பித்துவிடும். பரவ நேரம் கிடைக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். சாயம் போகும் முன் அசிட்டிக் ஆசிட் விட்டு 6 முதல் 6.5க்குள் கொண்டுவருவேன். ஹார்ட்னஸும் ஒவ்வொரு லாரிக்கும் பார்க்க வேண்டும். போன லாரி நன்றாக இருந்தது என்று அடுத்ததை நம்பக் கூடாது.

திட்டு விழ அடுத்த பெரிய காரணம் துணியில் தங்கிய பெராக்சைடு. கில்லர் என்சைமை 50 முதல் 55 டிகிரியில், பிஎச் 7 அருகில், 15 நிமிடம் ஓட்டி, ஸ்ட்ரிப் நனைத்துப் பார்த்து, நிறம் மாறாவிட்டால்தான் அடுத்த ஸ்டெப். கொதிபாத்தின் சூடு இறங்கும் முன் அவசரப்பட்டு என்சைமை விட்டால் அது செத்துவிடும், வேலை நடக்காது.

லோடிங்கிலும் கணக்குத்தான் பேசும். 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, விரித்த அகலம் 72 இன்ச் என்றால் மீட்டருக்கு சுமார் 293 கிராம். ஒரு குழாயில் 200 கிலோ போட்டால் ரோப் 683 மீட்டர். நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 17 விநாடி. அதே குழாயில் 250 கிலோ திணித்தால் 2 நிமிடம் 51 விநாடி ஆகும். 30 நிமிட டோசிங்கில் 13 சுற்று கிடைத்த இடத்தில் 10 சுற்றுதான் கிடைக்கும். லைட் ஷேடில் அந்த மூன்று சுற்றுக் குறைவு துணியில் தெரியும். டன் ஏற்ற வேண்டும் என்ற அழுத்தம் எனக்கும் புரியும். ஆனால் கருப்பில் ஏற்றலாம், பீஜிலும் கிரேயிலும் ஏற்றக் கூடாது என்று பிளானிங்கில் முன்பே பேசி முடித்துவிடுவேன்.

சோடாவை மூன்று பாகமாகக் கொட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன். முதலில் மெதுவாக, போகப்போக வேகமாக, 40 நிமிடத்தில் டோசிங். டர்காய்ஸ் 80 டிகிரியில்தான் ஒழுங்காகப் பிடிக்கும். அதை 60 டிகிரி சாயத்தோடு கலந்து ரெசிப்பி வந்தால் லேபுக்கே திருப்பி அனுப்புவேன். ஈரம் ஆறாத துணியில் ஷேடு ஓகே சொல்வதில்லை. D65, TL84 இரண்டு வெளிச்சத்திலும் பார்ப்பேன், பையர் எந்தக் கடை வெளிச்சம் கேட்கிறாரோ அதையும் சேர்த்து.

இப்படி ஓட்டியதில் என் ஷிப்டில் கடைசி 8 மாதம் அடிஷன் இல்லாமல் முதல் முறையே பாஸான லாட் 74 சதவீதத்திலிருந்து 89 ஆனது. டார்க் ஷேடுக்குக் கிலோவுக்கு 58 லிட்டராக இருந்த தண்ணீர் 46க்கு இறங்கியது. இதற்கான மாத அறிக்கைகளைப் பழைய நிர்வாகத்தின் அனுமதியோடு, பையர் பெயர் நீக்கி வைத்திருக்கிறேன். என் முன்னாள் ஃபேக்டரி மேனேஜரும் லேப் இன்சார்ஜும் போனில் பேசத் தயார்.

சம்பளத்தை முதல் பேச்சிலேயே வெளிப்படையாகப் பேசிவிடலாம். 12 மணி நேர ஷிப்ட் பிரச்சினை இல்லை, வார விடுமுறை வேண்டும். வராத ஷேடுக்கு ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்கும் இடத்துக்கு வரமாட்டேன். அங்கே தவறை மறைப்பார்கள், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

என்னோடு வெளியே வந்தவர்களில் இரண்டு லேப் டெக்னீஷியன்கள், ஒரு பாய்லர் ஆள், ஆறு மிஷின் ஆபரேட்டர்கள் இன்னும் வேலை தேடுகிறார்கள். எல்லோருடைய வேலையும் எனக்கு நேரில் தெரியும். ஆள் தேவை என்றால் என்னையே கேளுங்கள், யார் எந்த மிஷினில் கெட்டி என்று சொல்கிறேன்.

இன்டர்வியூவுக்கு முன் ஒரு நாள் ஃப்ளோரில் வந்து பார்க்கத் தயார். உங்களிடம் திரும்பத் திரும்ப அடிஷன் கேட்கும் ஒரு ஷேடைச் சொல்லுங்கள். கடைசி ஐந்து லாட்டின் பேட்ச் கார்டு, அன்றைய தண்ணீர் ரிப்போர்ட், லேப் டிப், ஃபெயிலான துணியில் ஒரு துண்டு, இவ்வளவு இருந்தால் போதும். இங்கேயே இன்பாக்ஸில் எழுதுங்கள், காலை 9 மணிக்கு வந்துவிடுகிறேன்.