அந்த ‘இது’ எது? கட்டுரைத் திருத்தப் பயிற்சித் தாள்

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு. நேரம்: 40 நிமிடம். பென்சிலும் இரண்டு நிற மைப் பேனாவும் வேண்டும்.

முதலில் இந்தப் பத்தியை ஒரே மூச்சில் வாசியுங்கள்.

> தொழிற்சாலைகள் கழிவுநீரை ஆற்றில் விடுகின்றன. அரசு விதித்த கட்டுப்பாடுகளை அவை மதிப்பதில்லை. இதனால் மீன்கள் அழிகின்றன. இது தொடர்ந்தால் அதை நம்பி வாழும் மக்கள் வேறு தொழில் தேடுவார்கள். அது நல்லதல்ல.

வேகமாக வாசித்தால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். இப்போது ஒவ்வொரு சுட்டுப்பெயரிலும் நின்று ‘எது?’ என்று கேளுங்கள். ‘அவை’ பிழையில்லை. இலக்கணப்படி தொழிற்சாலைகள், கட்டுப்பாடுகள் இரண்டுக்கும் பொருந்தினாலும், மதிக்கக்கூடியவை தொழிற்சாலைகள்தான். ‘இதனால்’ எதனால்? கழிவுநீரை விடுவதாலா, கட்டுப்பாட்டை மதிக்காததாலா? ‘இது’ மீன்கள் அழிவதா, கழிவு கலப்பதா? ‘அதை’ என்பது ஒருமை, ‘மீன்கள்’ பன்மை. எனவே மீனைக் குறிக்காது. ஆறு என்றால் அது மூன்று வாக்கியம் தாண்டி இருக்கிறது. கடைசி ‘அது’தான் பெரிய சிக்கல்: மக்கள் வேறு தொழில் தேடுவதே நல்லதல்ல என்று பொருள் வருகிறது. எழுதியவர் சொல்ல வந்தது அதுவல்ல.

திருத்தினால்:

> தொழிற்சாலைகள் அரசின் கட்டுப்பாடுகளை மதிக்காமல் கழிவுநீரை ஆற்றில் விடுகின்றன. இந்தக் கழிவால் மீன்கள் அழிகின்றன. மீன்வளம் இப்படியே குறைந்துகொண்டு போனால், மீன்பிடித்து வாழும் மக்கள் பிழைப்பை இழப்பார்கள்.

‘அது நல்லதல்ல’ என்ற வாக்கியம் காணாமல் போனதைக் கவனியுங்கள். ‘அது’வுக்குப் பதில் பெயரை எழுத முயன்றபோது, அந்த வாக்கியத்தில் புதிதாக எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. சுட்டுப்பெயர் குழம்பும் இடத்தில் பெரும்பாலும் சிந்தனையும் பாதியில் நின்றிருக்கும். அதனால்தான் இந்தத் திருத்தம் வெறும் இலக்கண வேலை அல்ல.

திருத்தும் முறை

கட்டுரையை எழுதி முடித்த உடனே திருத்தாதீர்கள். சற்று இடைவெளி விடுங்கள். எழுதிய சூட்டில் எல்லா ‘இது’வும் உங்களுக்குத் தெளிவாகவே தெரியும். பிறகு இது, அது, இவை, அவை, அவர், அவர்கள், தான், தன், இதனால், அதன் ஆகிய எல்லாவற்றையும் ஒரு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றும் குறிக்கும் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒரே சொல் உடனே வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு சொற்கள் போட்டியிட்டாலோ, ஒரு முழு வாக்கியத்தையே ஓரத்தில் எழுத வேண்டியிருந்தாலோ, அதை இரண்டாம் நிறத்தில் வட்டமிடுங்கள். வட்டமிட்டவற்றை மட்டும் திருத்தினால் போதும். எல்லாவற்றையும் பெயராக மாற்றினால் நடை பாடப்புத்தகக் குறிப்புபோல் வறண்டுவிடும்.

எங்கே குழம்புகிறது, எப்படிச் சரிசெய்வது

அதிகம் வருவது ஒரு வாக்கியம் முழுவதையும் தோளில் சுமக்கும் ‘இது’. சுட்டோடு ஒரு பெயரைச் சேர்த்தால் தெளிவு வரும். கட்டணம் கூடியதைப் பற்றி எழுதிவிட்டு அடுத்து ‘இது மாணவர்களைப் பாதிக்கிறது’ என்பதற்குப் பதில் ‘இந்த உயர்வு’ என்று எழுதலாம். ‘இந்தச் சுமை’ என்றும் எழுதலாம். முன்னது நடந்ததைச் சொல்கிறது, பின்னது உங்கள் மதிப்பீட்டையும் சேர்த்துச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே உங்கள் வாதம். ஆனால் ‘இந்த விஷயம்’, ‘இச்செயல்’, ‘இந்நிலை’ என்று எதற்கும் பொருந்தும் பெயரைப் போட்டால் குழப்பம் அப்படியே இருக்கும்.

அடுத்தது ‘அவர்’. ஆணா பெண்ணா என்றுகூட அது காட்டாது. ‘தலைமையாசிரியர் நூலகரைச் சந்தித்தபோது அவர் பதவி உயர்வு பெற்றிருந்தார்.’ யார்? இங்கே நமக்குக் கைகொடுப்பது பெயரெச்சம்: ‘பதவி உயர்வு பெற்றிருந்த நூலகரைத் தலைமையாசிரியர் சந்தித்தார்.’ செய்தியை அதற்குரியவர் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டால் ‘அவர்’ தேவைப்படாது.

‘தன்’ எழுவாயைக் குறிக்கும். ‘கவிதா தோழியிடம் அவள் கட்டுரையைக் காட்டினாள்’ என்பதில் ஐயம் உண்டு. ‘தன் கட்டுரையை’ என்றால் அது கவிதாவுடையது. ஆனால் ‘தன் கட்டுரையைத் திருத்தச் சொன்னாள்’ என்றால் மீண்டும் சிக்கல். சொல்பவள் ஒருத்தி, திருத்துபவள் இன்னொருத்தி. ‘தன்’ இருவரிடமும் போய் ஒட்டும். இத்தகைய இடத்தில் பெயரையே எழுதுங்கள்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் எழுதலாம். வினைமுற்று திணை, பால், எண் காட்டுவதால் பெரும்பாலும் குழப்பம் வராது. ஒரே விகுதி ஏற்கும் இருவர் இருந்தால்தான் வரும்.

பெயருக்கு முன் சுட்டுப்பெயர் வருவதும் உண்டு. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால் இயற்பெயரே முதலில் வர வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு தருகிறது. கட்டுரைக்கு அந்த விலக்கு இல்லை. தலைப்பை நம்பி முதல் வாக்கியத்தை ‘இது’ என்று தொடங்குவதும் இதே பிழைதான்.

பயிற்சி 1. தேவையானால் மட்டும் திருத்துங்கள். ஒரு வாக்கியம் சரியாகவே இருக்கிறது.

1. இணையவழி வகுப்புகளால் பயண நேரம் மிச்சமாகிறது. ஆனால் கண்கள் சோர்கின்றன. இதைப் பெற்றோர் வரவேற்கின்றனர்.
2. நெகிழிப் பைகளுக்குப் பதில் துணிப் பைகள் வந்தன. அவை மண்ணை மாசுபடுத்தின.
3. ஆய்வாளர்கள் எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தனர். மூன்றே நாளில் எழுந்து ஓடின.
4. ஓட்டுநர் பயணியை இறக்கிவிட்டார். பின்னர் காவல் நிலையத்துக்குச் சென்றார்.
5. மீனா அக்காவிடம் தன் விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னாள்.

பயிற்சி 2. பத்தியை மூன்று வாக்கியங்களில் திருத்தி எழுதுங்கள்.

> பதின்பருவத்தினர் இரவில் நெடுநேரம் செல்பேசி பார்க்கின்றனர். பெற்றோர் கண்டித்தாலும் அவர்கள் கேட்பதில்லை. அது தூக்கத்தைக் கெடுக்கிறது. இதனால் காலையில் வகுப்பில் கவனம் சிதறுகிறது. இதைத் தடுக்க அவர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

விடைக்குறிப்பு

1. ‘இந்த நேரச் சேமிப்பை’. கண் சோர்வு அருகில் இருப்பதால் ‘இதை’ அதையே பற்றிக்கொள்கிறது.
2. ‘மண்ணை மாசுபடுத்திய நெகிழிப் பைகளுக்குப் பதில் துணிப் பைகள் வந்தன.’
3. திருத்தம் வேண்டாம். ‘ஓடின’ என்ற பலவின்பால் விகுதி எலிகளை மட்டுமே குறிக்கும்.
4. ‘ஓட்டுநர் பயணியை இறக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சென்றார்.’ ‘இறக்கிவிட்டு’ போன்ற வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றே என்பதால் ஐயம் தீர்கிறது. சென்றது பயணி என்றால்: ‘ஓட்டுநர் இறக்கிவிட்ட பயணி காவல் நிலையத்துக்குச் சென்றார்.’
5. ‘மீனா, “என் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடு அக்கா” என்றாள்’ என்று நேர்கூற்றாக்கலாம். அக்காவின் விண்ணப்பம் என்றால்: “உன் விண்ணப்பத்தை நிரப்பு அக்கா”.

பயிற்சி 2, ஒரு மாதிரி:

> பெற்றோர் கண்டித்தாலும் கேளாமல், பதின்பருவத்தினர் இரவில் நெடுநேரம் செல்பேசி பார்க்கின்றனர். இந்தப் பழக்கம் தூக்கத்தைக் கெடுப்பதால் காலையில் வகுப்பில் கவனம் சிதறுகிறது. பழக்கம் மாற, முதலில் பெற்றோரே இரவில் செல்பேசியை ஒதுக்கிவைத்து முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

மூலத்தில் முதல் ‘அவர்கள்’ பிள்ளைகள், இரண்டாவது ‘அவர்கள்’ பெற்றோர். ஒரே பத்தியில் ஒரே சொல் ஆள் மாறுவதை இங்கே கண்டுபிடித்தவர்களுக்கு, மற்ற திருத்தங்கள் விட்டுப்போயிருந்தாலும், பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.