மாக்ஸ்வெல் பரிமாற்றுத் தேற்றம்: எளிய தாங்கு பீமில் சரிபார்த்தல் (ஆய்வகப் பதிவேடு)

நோக்கம்

பீமின் ஒரு புள்ளியில் எடையை வைத்து வேறொரு புள்ளியில் தொய்வை அளந்துகொள்வது. பிறகு எடையும் அளவியும் இடம் மாறினால் அதே தொய்வு வருகிறதா என்று பார்ப்பது.

கோட்பாடு

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864இல் சட்டகங்களின் விறைப்பைக் கணக்கிடும்போது இந்தத் தேற்றத்தைக் கண்டார். 1872இல் என்ரிக்கோ பெட்டி அதைப் பொதுவான வடிவத்துக்கு விரித்தார். எங்களுக்குத் தேவையான பகுதி சிறியது: புள்ளி 2இல் P என்ற எடை இருக்கும்போது புள்ளி 1இல் ஏற்படும் தொய்வும், அதே P புள்ளி 1இல் இருக்கும்போது புள்ளி 2இல் ஏற்படும் தொய்வும் சமம்.

காரணம் வேலைக் கணக்கில் இருக்கிறது. முதலில் 1இல் P₁ எடையை மெல்ல ஏற்றி, அதை அப்படியே விட்டுவிட்டு 2இல் P₂ எடையை ஏற்றுகிறோம் என்று கொள்வோம். இரண்டாவது எடை ஏறும்போது, ஏற்கெனவே முழு அளவில் நிற்கும் முதல் எடையும் கூடவே கீழிறங்கி P₁ δ₁₂ அளவு வேலையைக் கூடுதலாகச் செய்கிறது. வரிசையை மாற்றி 2இல் முதலில் ஏற்றினால் அந்தக் கூடுதல் வேலை P₂ δ₂₁ ஆகிறது. கடைசியில் பீம் இருக்கும் நிலை ஒன்றுதான். அதில் சேர்ந்த மீட்சி ஆற்றலும் ஒன்றுதான். ஆகவே

```
P₁ δ₁₂ = P₂ δ₂₁
P₁ = P₂ எனில்  δ₁₂ = δ₂₁
```

எடைக்கு நேர்விகிதத்தில் தொய்வு கூடும் வரைதான் இந்த வாதம் நிற்கும். பீம் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்றோ, இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட கான்டிலீவரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் வியப்பாகத் தெரியும். நுனியில் எடை இருக்கும்போது பீம் முழுவதும் வளைகிறது. நடுவில் எடை இருக்கும்போதோ நுனிப்பக்கப் பாதி வளையாமல் நேர்க்கோடாகவே சாய்கிறது. வடிவங்கள் இரண்டும் துளியும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் முதல் நிலையில் நடுப்புள்ளியின் தொய்வு, இரண்டாம் நிலையில் நுனியின் தொய்வு இரண்டும் 5PL³/48EI என்றே வருகின்றன.

கருவிகள்

இரும்புப் பட்டை பீம் (அகலம் 25.0 மி.மீ., தடிமன் 6.00 மி.மீ.; ஐந்து இடங்களில் வெர்னியர் காலிப்பரால் அளந்த சராசரி), கத்திமுனைத் தாங்கிகள் இரண்டு, 0.01 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட 10 மி.மீ. டயல் கேஜ், காந்த அடித்தளமுள்ள ஸ்டாண்டு, எடை தொங்கவிடும் ஹேங்கர், அரை கிலோ எடைகள் ஐந்து, எஃகு அளவுகோல். தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 1000 மி.மீ.

புள்ளிகளைத் தேர்ந்தெடுத்ததும் அதில் செய்த தவறும்

முதல் நாள் நாங்கள் இடது தாங்கியிலிருந்து 250, 750 மி.மீ. தூரங்களில் இரு புள்ளிகளைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். 2.5 கிலோவுக்கு இரு பக்கமும் 2.38 மி.மீ. என்று அச்சு வார்த்தாற்போல் வந்தது. மகிழ்ச்சியோடு பதிவேட்டை நீட்டினோம். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: "பீமைத் திருப்பிப் போட்டாலே இது வருமே, தேற்றம் எங்கே?"

அவர் சொன்னது சரிதான். மையத்திலிருந்து இரு புள்ளிகளும் ஒரே தொலைவில் இருந்தால், பீமின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு அமைப்புகளும் ஒன்றேதான். அங்கே சமம் வராவிட்டால்தான் வியப்பு. எனவே 300 மி.மீ. (புள்ளி 1), 600 மி.மீ. (புள்ளி 2) என்று மாற்றிக்கொண்டோம். ஒன்று தாங்கிக்கு அருகே, மற்றது மையத்தைத் தாண்டி. கீழே வருபவை எல்லாம் இந்தப் புள்ளிகளுக்குரியவை.

செய்முறை

எடை ஏற்றுவதற்கு முன் அழுத்தத்தைக் கணக்கிட்டோம். 2.5 கிலோ (24.525 நியூட்டன்) புள்ளி 2இல் தொங்கும்போது வளைவுத் திருப்புத்திறன் 5886 நியூட்டன் மி.மீ.; பட்டையில் உச்ச அழுத்தம் சுமார் 39 நியூட்டன்/மி.மீ.². மென்னிரும்பின் மீட்சி எல்லைக்கு இது வெகு கீழே. புள்ளி 1இல் தொங்கும்போது இன்னும் குறைவு.

அமைப்பு அ: ஹேங்கர் 2இல், கேஜ் 1இல். கேஜைப் பீமுக்கு மேலே பொருத்தி, அதன் தண்டை 6 மி.மீ. அழுத்தி வைத்தோம், பீம் இறங்கும்போது முனை அதைத் தொடர்ந்து இறங்கும், முள் பின்னோக்கிச் சுழலும். வெறும் ஹேங்கர் தொங்கும் நிலையை எல்லா அளவீடுகளுக்கும் பூச்சியமாகக் கொண்டோம். அரை அரை கிலோவாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பீமின் ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்து அளவைக் குறித்தோம். பிறகு அதே படிகளில் இறக்கிக்கொண்டே குறித்தோம்.

அமைப்பு ஆ: ஹேங்கர் 1இல், கேஜ் 2இல். மற்றதெல்லாம் அதேதான். தாங்கிகளைத் தொடவில்லை.

முதல் ஓட்டத்தை நீக்க வேண்டியதாயிற்று. எடை முழுவதையும் இறக்கிய பிறகும் முள் பூச்சியத்துக்குத் திரும்பாமல் 0.07 மி.மீ. தள்ளியே நின்றது. கேஜ்தான் பழுது என்று அதைத் தட்டிப் பார்த்ததில் கால் மணி நேரம் போயிற்று. இடது தாங்கியின் திருகு தளர்ந்து, அது எடைக்கேற்பச் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. திருகை முடுக்கியபின் முள் ஒழுங்காகத் திரும்பியது. தாங்கி வில்லைப்போல அழுந்தி மீண்டால் தேற்றத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. அதுவும் கட்டமைப்பின் ஒரு பாகம்தான். நகர்ந்து மீளாமல் நிற்பதுதான் தொல்லை, ஏனென்றால் நேர்விகிதம் அங்கே உடைந்துவிடுகிறது.

அளவீடுகள் (தொய்வு, மி.மீ.)

| எடை (கி.கி.) | அ: ஏற்றும்போது | அ: இறக்கும்போது | அ: சராசரி | ஆ: ஏற்றும்போது | ஆ: இறக்கும்போது | ஆ: சராசரி |
|---|---|---|---|---|---|---|
| 0.5 | 0.78 | 0.80 | 0.790 | 0.78 | 0.79 | 0.785 |
| 1.0 | 1.57 | 1.58 | 1.575 | 1.56 | 1.58 | 1.570 |
| 1.5 | 2.35 | 2.37 | 2.360 | 2.35 | 2.36 | 2.355 |
| 2.0 | 3.14 | 3.15 | 3.145 | 3.13 | 3.14 | 3.135 |
| 2.5 | 3.92 | 3.92 | 3.920 | 3.91 | 3.91 | 3.910 |

இரு சராசரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கும் 0.01 மி.மீ.க்கு மேல் போகவில்லை. கேஜின் மீச்சிற்றளவே அவ்வளவுதான். 2.5 கிலோவில் அது 0.26 சதவீதம்.

எடைகள் சமமாக இல்லாத நிலையையும் இதே அட்டவணையிலிருந்து சோதிக்கலாம். புள்ளி 1இல் 2 கிலோ, புள்ளி 2இல் 1 கிலோ என்று எடுத்துக்கொண்டால்:

```
P₁ δ₁₂ = 2.0 × 1.575 = 3.150 கி.கி. மி.மீ.
P₂ δ₂₁ = 1.0 × 3.135 = 3.135 கி.கி. மி.மீ.
```

வேறுபாடு சுமார் 0.5 சதவீதம்.

கணக்கிட்ட மதிப்போடு ஒப்பீடு

```
I = 25 × 6³ / 12 = 450 மி.மீ.⁴
E = 2.0 × 10⁵ நியூட்டன்/மி.மீ.²
δ = P b x (L² − b² − x²) / (6 L E I)
b = 400, x = 300, L = 1000
δ / P = 0.1667 மி.மீ./நியூட்டன்
```

2.5 கிலோவுக்கு இது 4.09 மி.மீ. தருகிறது. நாங்கள் அளந்ததோ 3.92, அதாவது சுமார் 4 சதவீதம் குறைவு. எங்கள் குழுவில் இதைக் கண்டு ஒருவர் சோதனையே தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி, அளவுகளைக் கொஞ்சம் "சரிசெய்யலாமா" என்றும் கேட்டார். தேவையே இல்லை. E மதிப்பு நாங்கள் அளந்தது அன்று, புத்தகத்திலிருந்து எடுத்தது. தடிமனோ மும்மடியாக வருகிறது, 0.05 மி.மீ. பிசகினால் I இரண்டரை சதவீதம் மாறிவிடும். இந்தப் பிழைகள் கணக்கிட்ட மதிப்பைத்தான் பாதிக்கும். δ₁₂, δ₂₁ இரண்டையும் தருவது ஒரே பட்டை. அதன் E எதுவானாலும், தடிமன் எதுவானாலும் இரண்டிலும் ஒன்றுபோலவே நுழையும். பரிமாற்றுத் தேற்றத்தைச் சரிபார்க்க E தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. சூத்திரத்தைச் சரிபார்ப்பது வேறு சோதனை. அதை இந்தச் சோதனையின் மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது.

முடிவு

300, 600 மி.மீ. புள்ளிகளில், 2.5 கிலோ வரையில், இடம் மாற்றிய தொய்வுகள் அளவியின் மீச்சிற்றளவுக்குள் சமமாக இருந்தன. மாக்ஸ்வெல் தேற்றம் இந்த பீமுக்குச் சரிபார்க்கப்பட்டது.

பிற்சேர்க்கை: அந்த 0.01 மி.மீ.

அட்டவணையைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வேறுபாடு சிறிதுதான், ஆனால் ஐந்து வரிகளிலும் ஒரே பக்கம் சாய்கிறது: ஆ எப்போதும் சற்றுக் குறைவு. தற்செயலான பிழை என்றால் ஒரு வரியிலாவது மறுபக்கம் போயிருக்க வேண்டும்.

கேஜுக்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. தண்டு வெளியே வரவர அது பீமை அழுத்தும் விசை குறைகிறது. விளைவு, அந்தப் புள்ளியில் பீமுக்கு ஒரு மெல்லிய வில் முட்டுக்கொடுத்தாற்போல. அமைப்பு அவில் அந்த முட்டு புள்ளி 1இல் இருக்கிறது. ஆவில் புள்ளி 2இல். அப்படியானால் நாங்கள் ஒப்பிட்டது ஒரே கட்டமைப்பை அன்று, முட்டு இடம் மாறிய இரண்டு கட்டமைப்புகளை. புள்ளி 2 தாங்கிகளிலிருந்து தள்ளி, அதிகம் இளகிக்கொடுக்கும் இடத்தில் இருப்பதால் அங்கே வில்லின் தடுப்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும். வில்லின் விறைப்பை மி.மீ.க்கு 0.05 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிட்டால் இரண்டு அமைப்புகளுக்கும் வேறுபாடு கால் சதவீதம் வருகிறது.

மறுநாள் ஆய்வகத்தில் அதே வகைக் கேஜ் இன்னொன்றை வாங்கி, 1, 2 இரு புள்ளிகளிலும் ஒவ்வொன்றை நிரந்தரமாகப் பொருத்தினோம். எடை தொங்கும் புள்ளியில் கேஜின் முனையை ஹேங்கர் கொக்கியின் முதுகில் ஊன்றினோம். இப்போது எடை மட்டுமே இடம் மாறுகிறது. 2.5 கிலோவுக்கு, எடை 2இல் இருக்கையில் புள்ளி 1இல் 3.88 மி.மீ.; எடை 1இல் இருக்கையில் புள்ளி 2இல் 3.88 மி.மீ. முந்தைய அளவுகளைவிட இரண்டுமே குறைந்துவிட்டன, இரண்டு வில்கள் முட்டுக்கொடுப்பதால்.