ஓம்புயிர்–ஒட்டுண்ணி ஆயுதப் போட்டி எப்போதும் ஏறுமுகமா? 1,500 சொல் கட்டுரைக்கான அமைப்பு

மையக் கருத்து: ஓம்புயிரும் அதைத் தொற்றும் ஒட்டுண்ணியும் ஒன்றையொன்று மாற்றும் இணைப்பரிணாமம் முடிவின்றி ஏறிக்கொண்டே போகும் போட்டியாக இருப்பது அரிது. தகவமைப்புகளுக்கு உயிரி கொடுக்கும் விலை அதைத் தடுக்கிறது, அல்லது ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது.

முன்னுரை (150 சொற்கள்). இருதரப்பும் ஒன்றன்மேல் ஒன்று தேர்வு அழுத்தம் செலுத்தினால்தான் அது இணைப்பரிணாமம். ஒட்டுண்ணி இருக்கிறது, ஓம்புயிருக்கு எதிர்ப்புத்திறன் இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. மையக் கருத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இரு மாதிரிகள் (300). ஏறுமுகப் போட்டியில் எதிர்ப்பும் தொற்றுத்திறனும் காலப்போக்கில் விரிவடையும். ஏற்ற இறக்கத் தேர்வில், பெருகிவிட்ட ஓம்புயிர் மரபுவகையை ஒட்டுண்ணி குறிவைப்பதால் அரிதான வகை தப்பிப் பெருகும். பரிணாம உயிரியலாளர் வான் வாலன் 1973இல் முன்வைத்த சிவப்பு ராணிக் கருதுகோள் இனங்களின் அழிவு விகிதத்தை விளக்க எழுந்தது. அதை இரண்டாவது மாதிரிக்கு மறுபெயராகப் பயன்படுத்துவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

சோதிக்கும் வழி (250). நேரமாற்றப் பரிசோதனை: ஒரே ஓம்புயிரை கடந்த, சமகால, எதிர்கால ஒட்டுண்ணிகளோடு மோதவிடுவது. ஏறுமுகம் என்றால் எதிர்கால ஒட்டுண்ணியே அதிகம் தொற்றும். பெல்ஜியக் குளமொன்றின் வண்டலிலிருந்து டாஃப்னியா என்ற சிறு நன்னீர் உயிரியின் உறக்க முட்டைகளையும் அதன் ஒட்டுண்ணியான பாஸ்டூரியா பாக்டீரியாவின் வித்துகளையும் எழுப்பிச் செய்த ஆய்வில் (2007) சமகால ஒட்டுண்ணியே அதிகம் தொற்றியது. இது ஏற்ற இறக்கத்தின் அடையாளம். சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அதைத் தொற்றும் வைரஸான ஃபேஜும் ஆய்வகத்தில் ஏறுமுகமாகத் தொடங்கி, பின்னர் ஏற்ற இறக்கத்துக்கு மாறின.

ஆழமான எடுத்துக்காட்டு (550). ஆஸ்திரேலிய முயல்களும் மிக்சோமா வைரஸும். கட்டுரையின் எடை இங்கேதான். 1950இல் பரவத் தொடங்கிய வகை, தொற்றிய முயல்களில் 99%க்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் 70–95% கொல்லும், வீரிய அளவுகோலில் மூன்றாம் தரத்தில் வரும் வகைகளே பெரும்பான்மையாயின. முயல் விரைவில் செத்தால் கொசு வைரஸை எடுத்துச்செல்லும் காலம் குறைகிறது; மிக மெதுவான வகை முயலின் தோலில் போதிய வைரஸை உருவாக்குவதில்லை. ஆகவே இடைப்பட்ட வீரியமே அதிகம் பரவியது.

முயலின் பக்கத்தை, அதாவது முயல்களும் எதிர்ப்புத்திறன் பெற்றதை, தனியாக நிறுவ வேண்டும். இறப்பு குறைந்தது வைரஸ் தணிந்ததாலும் இருக்கலாம் அல்லவா? வைரஸ் ஆய்வாளர் ஃபென்னரின் குழு, வைரஸின் வீரியத்தை எதிர்ப்பில்லாத ஆய்வக முயல்களிலும், காட்டு முயல்களின் எதிர்ப்பை மாறாத ஒரே வைரஸ் வகையிலும் அளந்ததால்தான் இரண்டையும் பிரிக்க முடிந்தது. இந்த வடிவமைப்பை விளக்காத கட்டுரை வெறும் கதையாகிவிடும். “ஒட்டுண்ணி காலப்போக்கில் சாதுவாகும்” என்றும் எழுதக் கூடாது: முயல்கள் எதிர்ப்புப் பெற்றபின் கடும் வீரிய வகைகள் மீண்டும் தோன்றின.

வரம்புகள், முடிவுரை (250). ஒட்டுண்ணியின் தலைமுறை குறுகியது, அதனால் அது வேகமாக மாறும். ஆனாலும் பாலினப் பெருக்கம் ஓம்புயிருக்குப் புதிய மரபுச் சேர்க்கைகளைத் தருகிறது. இடத்துக்கு இடம் தேர்வு அழுத்தம் வேறுபடுவதால் ஒரே குளம், ஒரே கண்டத்தின் முடிவைப் பொதுவிதியாக்க முடியாது. முடிவுரையில் புதிய எடுத்துக்காட்டு வேண்டாம். எந்த நிலையில் எந்த மாதிரி பொருந்துகிறது, விலை எங்கே அளக்கப்பட்டது, எங்கே ஊகிக்கப்பட்டது என்பதை மட்டும் தெளிவாக்க வேண்டும்.