மேற்கோள் குறி

“தண்ணி வாசப்படி ஏறுற வரைக்கும் யாரும் வந்து சொல்லலமா.”

இந்த வரி பத்து வருஷமாக எனக்கு மனப்பாடம். 2015 டிசம்பர் 1, செவ்வாய் இரவு. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்குத் திறந்துவிட்ட 29,000 கனஅடியும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. சிக்னல் போவதற்குச் சற்று முன், ஜாபர்கான்பேட்டை ஆட்டோக்கார அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. சென்னை வெள்ளத்தின் பத்தாண்டு நிறைவுக் கட்டுரையை இதில்தான் ஆரம்பித்திருந்தேன்.

“ஸ்கிரீன்ஷாட் இருக்கா?” என்றார் செய்தி ஆசிரியர்.

இல்லை. பழைய போனை ரிச்சி தெருவில் கொடுத்துப் பார்த்தேன்; போர்டே போய்விட்டது என்றார்கள். இப்போதைய போனில் அவருடனான பேச்சு 2018இல்தான் தொடங்குகிறது. பரணில் கிடந்த 2015 குறிப்பேட்டில் என் கையெழுத்து: “ஜா.பேட்டை ஆட்டோ – சொல்லல.” அவ்வளவுதான். யார் சொல்லவில்லை, எதைச் சொல்லவில்லை என்று எழுதி வைக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு அண்ணன் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. டீ கொடுத்துவிட்டு, நான் படித்துக் காட்டிய வரியை அண்ணன் இரண்டு தடவை கேட்டார்.

“நானா அனுப்சேன்? இருக்காதும்மா. ஒரு பையன் வந்தானே! கழுத்தளவு தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கதவா தட்டிட்டுப் போனான். அவன் தட்டலன்னா எங்கம்மாவ மாடிக்குத் தூக்கியிருப்பேனா?”

“அப்ப யாரும் சொல்லலன்னு…”

“ஆபீசுல இருந்து யாரும் சொல்லலன்னு போட்டிருப்பனோ என்னவோ. என் போனும் ஆட்டோவோட போச்சு.”

கோபத்தில் அவர் அப்படியே அனுப்பியிருக்கலாம். ஒரு சொல்லை நான் உதிர்த்திருக்கலாம். இதழியல் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தபோதெல்லாம் இந்த வரியைச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது நிருபர்கள். கதவு தட்டிய பையன் ஒரு வகுப்பிலும் வந்ததில்லை. அதை நினைத்தபோது டீ இறங்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து, மேற்கோள் குறியோடு முதல் பத்தியை அவர் எதிரிலேயே அழித்தேன். “இப்பச் சொன்னத எழுதிக்கட்டுமா அண்ணே? இன்னிக்குச் சொன்னதுன்னு தேதி போட்டுத்தான்.”

“எழுது.” ரெக்கார்டரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

“அந்தப் பையன் பேரு?”

அண்ணன் வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏம்மே, அன்னிக்கு நம்ம கதவத் தட்டினானே, இஸ்திரிக்காரர் புள்ளதானே அவன்?” என்றார்.

“இஸ்திரிக்காரர் புள்ளயா? அவங்க தீபாவளிக்கே ஊருக்குப் போயிட்டாங்க. அது பால் போடுற பையன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டையும் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “பால்காரர் இப்ப எங்க இருக்காருண்ணே?”