மாதிரி நேர்முகத் தேர்வு: சிவில் நீதிபதி பதவி

தலைவர்: உட்காருங்கம்மா. எத்தனை வருஷமா பிராக்டீஸ்?

கயல்விழி: நாலு வருஷம் ஐயா, பெரும்பாலும் முன்சீப் கோர்ட்டில்.

தலைவர்: அப்போ மூன்றாண்டு பிராக்டீஸ் வேண்டும் என்ற நிபந்தனை உங்களைத் தடுக்காது. அதை விதித்த தீர்ப்பு சரியா?

கயல்விழி: 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஐயா. கோர்ட் அனுபவம் தேவைதான். ஆனால் சீனியரிடம் சம்பளமில்லாமல் மூணு வருஷம் ஓட்ட முடியாத பெண்களுக்கு அது சுமை.

உறுப்பினர்: சரி, இந்த வழக்குக் கட்டைப் பாருங்கள். புரோநோட்டு வழக்கு, பிரதிவாதி வராததால் எக்ஸ்பார்ட்டி. டிக்ரி கொடுப்பீர்களா?

(இரண்டு நிமிடம் புரட்டுகிறார்.)

கயல்விழி: நோட்டு 10.6.2022. வழக்குக்கு எண் விழுந்தது 18.7.2025. மூன்றாண்டு காலவரம்பு தாண்டிவிட்டது. பின்பக்கம் வட்டி வரவு இருக்கிறது, ஆனால் வாதியின் கையெழுத்து மட்டும். கடன்பட்டவர் எழுதவோ கையொப்பமிடவோ இல்லை. காலவரம்புச் சட்டப் பிரிவு 19 உதவாது. பிரதிவாதி வராவிட்டாலும் பிரிவு 3-ன்படி காலவரம்பை நானே பார்க்க வேண்டும். தள்ளுபடி.

உறுப்பினர்: பிராதின் முதல் பக்கத்தில் சீல் பார்த்தீர்களா?

கயல்விழி: (திருப்பி) 6.6.2025... முதல் தாக்கல் அன்றே மேடம். குறை சொல்லித் திருப்பியதில் எண் விழத் தாமதம். அப்படியானால் காலத்துக்குள்தான். தள்ளுபடி என்றது தவறு.

உறுப்பினர்: உடனே டிக்ரியா?

கயல்விழி: இல்லை மேடம். குறித்த கெடுவுக்குள் திரும்பத் தாக்கல் செய்தாரா, சம்மன் முறையாகச் சார்வானதா, நோட்டை நிரூபிக்கச் சாட்சியம் உண்டா, மூன்றையும் பார்ப்பேன்.

தலைவர்: எண்ணைப் பார்த்து ஏமாந்தீர்கள், சீலைப் பார்த்துத் திருத்திக்கொண்டீர்கள். அடுத்தவரை வரச் சொல்லுங்கள்.